பணம் எந்தப் படியில் நின்றது?

இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துவோர் அனைவரும் அறிந்த ஒரு பக்கம் உண்டு. அட்டை எண்ணையும், அது காலாவதியாகும் மாதத்தையும், பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும் கொடுத்த பிறகு, திரை ஒரு கணம் வெறுமையாகி, வங்கியின் இலச்சினையுடன் வேறொரு பக்கம் திறக்கிறது. கைப்பேசிக்கு அனுப்பப்பட்ட ஓடிபி எனும் ஒருமுறைக் கடவு எண்ணை அதில் பதியச் சொல்கிறது. பல பரிவர்த்தனைகள் முறிவது அந்த இடத்தில்தான். 'பணம் செலுத்த இயலவில்லை' என்ற ஒற்றை வரி மட்டுமே பயனாளருக்கு மிஞ்சுகிறது. பணம் போய்விட்டதா, கணக்கிலேயே இருக்கிறதா, உடனே மீண்டும் முயலலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் விடை இல்லை.

விடை தெரியாததன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்பகங்களிலும் ஒடிஸா, பிகார், மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். அவர்களில் ஒருவர் ஊர் திரும்புவதற்கான ரயில் பயணச்சீட்டை இணையத்தில் வாங்கும்போது பரிவர்த்தனை முறிந்தால், இரண்டாம் முறை செலுத்தக் கணக்கில் பணம் இருக்காது. முதல் முறை செலுத்தியது எங்கே என்று கேட்கவும் அவருக்கு ஆள் இருக்காது. எனவே அந்த உறுதிப்படுத்தும் பக்கம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல.

அந்தப் பக்கம் ஏன் வந்தது?

கடையில் அட்டையைத் தேய்க்கும்போது அட்டை கடைக்காரரின் கண்முன் இருக்கிறது. இணையத்தில் அட்டை இல்லை. அட்டையின் மீது அச்சிடப்பட்ட எண்கள் மட்டுமே உள்ளன. அந்த எண்களை ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்ட எவரும் அவற்றைப் பயன்படுத்த முடியும். இந்த ஓட்டையை அடைக்க, அட்டையில் அச்சிடப்படாத ஏதேனும் ஒரு தகவலையும் கேட்டுப் பெற வேண்டும் என 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு அது கட்டாயமாயிற்று. வங்கியின் ஒப்புதல் பக்கம் உலகின் பல நாடுகளில் வணிகரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த காலத்தில் இந்தியா அதை விதியாக்கியது.

அந்த விதியை நிறைவேற்றுவதற்கான கருவி ஏற்கெனவே இருந்தது. விசா நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கி, பிற அட்டை நிறுவனங்களும் பின்பற்றிய 'த்ரீ-டி செக்யூர்' என்ற நெறிமுறைதான் அது. பெயரிலுள்ள 'த்ரீ-டி' என்பது மூன்று களங்களைக் குறிக்கிறது. அட்டையை வழங்கிய வங்கி ஒரு களம். வணிகரும் அவருக்காகப் பணத்தைப் பெறும் வங்கியும் இன்னொரு களம். இவ்விரண்டையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலைப்பின்னல் மூன்றாவது களம். ரூபே அட்டைகளுக்கும் ஏறத்தாழ இதே போன்ற ஏற்பாடு உண்டு. ஓடிபி கேட்கும் பக்கம் முதல் களத்துக்கு உரியது. அதாவது, அது கடையின் பக்கம் அல்ல, வங்கியின் பக்கம். அதில் பதியும் எண்ணைக் கடைக்காரர் பார்ப்பதில்லை. அங்கு ஏற்படும் கோளாறைச் சரிசெய்ய அவரால் இயலுவதும் இல்லை.

இரண்டு கேள்விகள்

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி போதும். இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்தும்போது வங்கியிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. 'இந்த அட்டையைப் பயன்படுத்துபவர் உண்மையிலேயே அதன் உரிமையாளர்தானா?' என்பது முதல் கேள்வி. 'இவர் கணக்கிலிருந்து இவ்வளவு தொகையை எடுத்துக்கொள்ளலாமா?' என்பது இரண்டாவது கேள்வி. முதலாவது அடையாள உறுதிப்பாடு. இரண்டாவது பண ஒப்புதல். இரண்டும் வெவ்வேறு கணினிகளிடம், வெவ்வேறு வழிகளில் செல்கின்றன. முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் கிடைத்த பிறகே இரண்டாவது கேள்வி கேட்கப்படுகிறது.

ஓடிபி பக்கம் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறது. அது பணத்தைத் தொடுவதில்லை. ஆகவே ஓடிபியே வராமல், அல்லது தவறாகப் பதிந்து, அல்லது நேரம் கடந்து அந்தப் பக்கத்திலேயே முயற்சி முறிந்தால் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்காது. மாறாக, பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டால், கோளாறு ஓடிபி பக்கத்தைத் தாண்டிய ஓரிடத்தில் நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் கொண்டால் பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

ஒரு பரிவர்த்தனையின் பயணம்

ஒரு தொழிலாளர் ரூ.1,200 மதிப்புள்ள பயணச்சீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவரது கணக்கு ஒடிஸாவில், சொந்த ஊரின் அருகிலுள்ள கிளையில் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்டது. அப்போது வைத்திருந்த கைப்பேசி எண்ணை அவர் இப்போது பயன்படுத்துவதில்லை. கும்மிடிப்பூண்டி வந்த பிறகு வாங்கிய புதிய எண்ணே கையில் உள்ளது. ஏடிஎம் இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது கைப்பேசி எண் தேவைப்படாததால், இந்த மாற்றத்தால் அவருக்கு இதுவரை எந்தத் தொல்லையும் ஏற்பட்டதில்லை.

அவர் 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அழுத்தியதும், பயணச்சீட்டு விற்கும் இணையதளம் அவர் கொடுத்த விவரங்களைத் தனது பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அந்நிறுவனம் அட்டை வலைப்பின்னலின் அடைவுக் கணினியை அணுகுகிறது. அட்டை எண்ணின் முதல் சில இலக்கங்களைக் கொண்டே அது எந்த வங்கியின் அட்டை என்பதை அடைவுக் கணினி அறிந்து, கேள்வியை அந்த வங்கியின் உறுதிப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. உரிமையாளரிடமே கேட்டாக வேண்டும் என வங்கிக் கணினி பதில் அளிக்கிறது. அப்போதுதான் ஓடிபி பக்கம் தொழிலாளரின் கைப்பேசித் திரையில் திறக்கிறது. இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நடந்துவிடும்.

அதே வேளையில் வங்கியின் கணினி தனது பதிவேட்டிலுள்ள கைப்பேசி எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தியை அனுப்பச் சொல்கிறது. அச்செய்தி வங்கியிலிருந்து நேராகக் கைப்பேசிக்கு வருவதில்லை. மொத்தக் குறுஞ்செய்திகளைக் கையாளும் இடைநிலை நிறுவனம் வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அடைந்து, அங்கிருந்து கைப்பேசிக்கு வருகிறது. நம் தொழிலாளரைப் பொருத்தவரை அது பழைய எண்ணுக்குச் சென்றுவிட்டது. அவர் காத்திருக்கிறார். 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்துகிறார். மீண்டும் காத்திருக்கிறார். வங்கி வகுத்துள்ள சில நிமிட அவகாசம் முடிகிறது. 'உறுதிப்பாடு கிடைக்கவில்லை' என்று வங்கிக் கணினி பதில் அனுப்ப, இணையதளம் 'பணம் செலுத்த இயலவில்லை' என்கிறது. இரண்டாவது கேள்வி கேட்கப்படவே இல்லை. ரூ.1,200 கணக்கிலேயே இருக்கிறது. ஆனால், அவர் விரும்பிய இருக்கை அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

இதில் அவர் கவனித்திருக்கக்கூடிய தடயம் ஒன்று திரையிலேயே இருந்தது. 'உங்கள் பதிவுசெய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்ற வரியில், பெரும்பாலான வங்கிகள் அந்த எண்ணின் கடைசிச் சில இலக்கங்களைக் காட்டுகின்றன. அவை கையிலுள்ள எண்ணின் இலக்கங்களாக இல்லாவிட்டால் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. கோளாறு இணைய வேகத்திலோ, அட்டையிலோ, கடையிலோ இல்லை. வங்கியின் பதிவேட்டில் இருக்கிறது.

பழைய எண்ணால் வேறோர் ஆபத்தும் உண்டு. பயன்பாடின்றித் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் 90 நாள்கள் வரை புதியவருக்கு வழங்கப்படுவதில்லை; அதன் பிறகு வழங்கப்படலாம். அவ்வாறு வழங்கப்பட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசியில் போய் விழும். பணம் செலுத்த முடியாமல் போவது தொல்லை; பூட்டின் சாவி வேறொருவர் வீட்டுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

எண் சரியாக இருந்தும் ஏன் முறிகிறது?

சரியான எண் பதிவாகியிருந்தும் ஓடிபி வராமல் போவதுண்டு. நாடு முழுவதும் இது ஒரே நாளில் நிகழ்ந்ததற்கு 2021 மார்ச் 8-ஆம் தேதி சான்று. தேவையற்ற விளம்பரக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் விதிகளை வகுத்தது. அவற்றின்படி, நிறுவனங்கள் தாங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசக அமைப்பை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுத்துவிட வேண்டும். இந்தச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, வாசகங்களைச் சரிவரப் பதிவுசெய்யாத நிறுவனங்களின் செய்திகள் தேங்கின. வங்கி ஓடிபிகள் மட்டுமன்றி, கரோனா தடுப்பூசிப் பதிவுக்கான ஓடிபிகளும் கிடைக்காமல் மக்கள் தவித்தனர். மறுநாளே டிராய் அந்தச் சரிபார்ப்பை ஏழு நாள்களுக்கு நிறுத்திவைத்தது. அட்டையும் வங்கியும் கடையும் ஒழுங்காக இருக்க, இடையிலுள்ள குறுஞ்செய்திப் பாதை அடைபட்டாலே போதும், பரிவர்த்தனை நின்றுவிடும் என்பதை அந்த நாள் காட்டியது.

தாமதமாக வரும் ஓடிபியும் தொல்லை தரும். 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்தினால் பொதுவாகப் புதிய எண் உருவாகி, பழையது செல்லாததாகிவிடும். நெரிசலில் சிக்கிய முதல் செய்தி பிறகு வந்து சேரும்போது, அதைப் புதியது என நினைத்துப் பதிவோர் பலர். சில முறை தவறினால் வங்கி அந்த முயற்சியையே முடித்துவிடும். எனவே பொறுமையின்றி மீண்டும் மீண்டும் அழுத்துவது கோளாறைப் பெருக்குமே அன்றிக் குறைக்காது.

விலை குறைந்த கைப்பேசிகளில் வேறொரு காரணம் மறைந்திருக்கிறது. ஓடிபியைப் பார்க்க உலாவியிலிருந்து குறுஞ்செய்திச் செயலிக்கு மாறும்போது, நினைவகம் குறைவான கைப்பேசி பின்னணியிலுள்ள பக்கத்தைக் கைவிட்டுவிடும். திரும்பி வந்தால் அந்தப் பக்கம் புதிதாகத் திறக்க முயலும். ஆனால், இந்தப் பக்கம் ஒரு குறிப்பிட்ட முயற்சிக்காக மட்டுமே உருவானது. இரண்டாம் முறை அதைத் திறக்க முடியாது. செயலியை மாற்றாமல், திரையின் மேற்பகுதியில் தோன்றும் அறிவிப்பிலிருந்தே எண்ணைப் படித்துப் பதிந்துவிட்டால் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஓடிபி பக்கத்துக்கே செல்லாமல், அல்லது அது திறந்த உடனேயே மறுக்கப்பட்டால், அட்டையில் இணையப் பயன்பாடு முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வழங்கப்படும் அட்டைகளை உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடைகளிலுள்ள அட்டை இயந்திரங்களிலும் மட்டுமே பயன்படும்படி வழங்க வேண்டும். இணையப் பயன்பாட்டை உரிமையாளரே கேட்டு இயக்கிக்கொள்ள வேண்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கூறியது. இணையத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத பழைய அட்டைகளிலும் அந்த வசதியை முடக்கச் சொன்னது. சம்பளத்தை எடுக்க மட்டுமே அட்டையைப் பயன்படுத்தி வந்தவர் முதன்முறையாக இணையத்தில் பொருள் வாங்க முயலும்போது தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வங்கியின் செயலியிலோ, இணையச் சேவையிலோ, ஏடிஎம்மிலோ இதை இயக்கிக்கொள்ள வழியுண்டு.

எண்ணைப் பதிந்த பிறகு உறைந்த திரை

மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது, ஓடிபியைச் சரியாகப் பதிந்து, பொத்தானை அழுத்திய பிறகு திரை உறைந்துபோகும் நிலை. த்ரீ-டி செக்யூர் நெறிமுறையின் முதல் பதிப்பில், வங்கியின் பதில் பயனாளரின் உலாவி வழியாகவே கடைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வழியில் இணைப்பு அறுந்தால் பதில் தொலைந்தது, முயற்சியும் முடிந்தது. 2016-இல் வெளியிடப்பட்டு, இப்போது வழக்கத்திலுள்ள இரண்டாம் பதிப்பில் வங்கிக் கணினி தன் முடிவை, அட்டை வலைப்பின்னல் வழியாக, வணிகர் தரப்புக் கணினிக்கு நேரடியாகவும் அறிவித்துவிடுகிறது. ஆகவே பயனாளரின் திரை உறைந்திருந்தாலும், பின்னணியில் இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டு, பணமும் எடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

இந்நிலையில் உடனே இரண்டாம் முறை செலுத்துவது தவறு. வங்கியின் குறுஞ்செய்தியையோ, கணக்கு இருப்பையோ முதலில் பார்க்க வேண்டும். பணம் எடுக்கப்படவில்லை என்றால் மீண்டும் முயலலாம். எடுக்கப்பட்டிருந்தால், கடையின் கணக்குப் பக்கத்தில் பயணச்சீட்டோ பொருளோ பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் திரையில் தோல்வி என்று தெரிந்தாலும் பதிவு ஆகியிருக்கும்.

பணம் எடுக்கப்பட்டும் பதிவு ஆகாமல் போயிருந்தால், அதற்கென்று விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, இணையவழி அட்டைப் பரிவர்த்தனையில் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு, வணிகர் தரப்பில் அது உறுதியாகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகவே திரும்ப வர வேண்டும் என்கிறது. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்த ரூ.1,200 மாதத்தின் 3-ஆம் தேதி கழிக்கப்பட்டிருந்தால், 8-ஆம் தேதிக்குள் திரும்பியாக வேண்டும். 12-ஆம் தேதிதான் வந்தது என்றால் நான்கு நாள் தாமதத்துக்கு ரூ.400 சேர்த்து ரூ.1,600 வர வேண்டும். வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திராமல் வங்கியே இந்த இழப்பீட்டை வழங்க வேண்டும் என்பதும் அந்தச் சுற்றறிக்கையில் உள்ளது. வராவிட்டால் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, 30 நாள்களில் தீர்வு கிடைக்காதபோது cms.rbi.org.in என்ற தளத்தின் வழியே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

முறிந்த பரிவர்த்தனைக்காகக் காத்திருப்போர்தான் மோசடிக்காரர்களுக்கு எளிய இரை. இணையத்தில் தேடி எடுத்த போலி 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைப்பவரிடம், 'பணத்தைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்' என்பார்கள். பணம் திரும்ப வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை. ஓடிபி என்பது பணம் வெளியே போவதற்கான ஒப்புதலின் ஒரு பகுதி. அது கேட்கப்படும்போதெல்லாம் பணம் வெளியே போகவிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கத்தை நம்பலாமா?

வங்கியின் பக்கம் என்று நாம் நம்பும் பக்கம் உண்மையிலேயே வங்கியுடையதுதானா என்பதை அறிவது எளிதல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் முர்டாக், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் குறையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினர். கடையின் பக்கத்துக்குள் ஒரு சட்டகமாக வங்கிப் பக்கம் பதிக்கப்படும்போது அதன் முகவரி பயனாளரின் கண்ணில் படுவதில்லை. கடவுச்சொல்லை எங்கும் இடாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் அறிவுறுத்துகின்றன. மறுபுறம், முகவரி தெரியாத சட்டகத்தில் அதை இடும்படி இந்த ஏற்பாடு மக்களைப் பழக்குகிறது என்பது அவர்களின் வாதம். முகவரி தெரிந்தாலும் குழப்பம் தீர்வதில்லை. பல வங்கிகள் உறுதிப்பாட்டுக் கணினியை நடத்தும் பணியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருப்பதால், முகவரிப் பட்டையில் வங்கியின் பெயர் இல்லாமலும் இருக்கலாம்.

இதனால் திரையை விடக் குறுஞ்செய்தியே நம்பகமான சான்று. ஓடிபியுடன் வரும் செய்தியில், பெரும்பாலான வங்கிகள் தொகையையும் வணிகரின் பெயரையும் குறிப்பிடுகின்றன. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடுவதே பொதுவான வழக்கம். திரையில் ரூ.1,200 என்றிருக்க, குறுஞ்செய்தியில் ரூ.12,000 என்றோ, அறியாத ஒரு வணிகரின் பெயரோ இருந்தால் அந்த எண்ணைப் பதியக் கூடாது. ஒரு சொடுக்கில் திறக்கும் போலிப் பக்கம் எதையும் காட்டலாம். வங்கியிலிருந்து வரும் செய்தி, வங்கியிடம் உண்மையில் கேட்கப்பட்ட தொகையைச் சொல்கிறது.

இதில் கவனமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஓடிபி மூலம் உறுதிசெய்யப்பட்ட பரிவர்த்தனை பின்னர் மோசடி எனத் தெரியவந்தால், அந்த இழப்பு அட்டை நிறுவனங்களின் விதிப்படி வணிகரிடமிருந்து வங்கிக்கு மாறுகிறது. வங்கியோ, 'சரியான ஓடிபி பதியப்பட்டுள்ளது. எனவே செய்தவர் நீங்கள்தான்' என்று வாடிக்கையாளரை நோக்கித் திரும்பக்கூடும். கடவு விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. ஆனால், வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. மோசடி நடந்துவிட்டால் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனடியாகத் தெரிவிப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

காரணத்தைச் சொல்லலாமே!

இரண்டாம் பதிப்பு நெறிமுறையில், உறுதிப்பாட்டின் முடிவு ஓர் ஆங்கில எழுத்தாக வணிகர் தரப்பை அடைகிறது. Y என்றால் உறுதியானது. N என்றால் உறுதியாகவில்லை. U என்றால் தொழில்நுட்பக் கோளாறால் சரிபார்க்க முடியவில்லை. R என்றால் வங்கி மறுத்துவிட்டது. அட்டை காலாவதி ஆனது, மோசடி என்ற ஐயம், நேரம் கடந்தது போன்ற காரணங்களைத் தனிக் குறியீட்டால் தெரிவிக்கவும் நெறிமுறையில் இடமுண்டு. பண ஒப்புதல் மறுக்கப்பட்டால் அதற்குத் தனிக் குறியீடு வருகிறது. ஆக, முறிவு எந்தப் படியில் நேர்ந்தது என்பது கணினிகளுக்குத் தெரியும். பணத்துக்கு உரியவருக்கு மட்டும் அது சொல்லப்படுவதில்லை.

எல்லாக் காரணங்களையும் திரையில் காட்டுவது மோசடிக்காரருக்கு உதவிவிடும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மோசடி என்று ஐயுற்று மறுத்ததை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், 'ஓடிபி நிலையிலேயே முயற்சி நின்றுவிட்டது, உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை' என்றோ, 'வங்கி ஒப்புதல் அளித்துவிட்டது, பதிவு உறுதியாகவில்லை, மீண்டும் செலுத்த வேண்டாம்' என்றோ சொல்வதால் எந்த மோசடிக்காரரும் பயனடைய மாட்டார். இரண்டாம் முறை பணத்தை இழக்கும் பலர் காப்பாற்றப்படுவார்கள். அதை வாடிக்கையாளரின் மொழியில் சொல்வதும் இயலாத செயல் அல்ல.

இரண்டு காரணிகளில் ஒன்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக உருவாக வேண்டும், அது குறுஞ்செய்தி ஓடிபியாகவே இருக்க வேண்டியதில்லை என்ற நோக்கில் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. செயலி வழி ஒப்புதல், விரல்ரேகை போன்றவற்றுக்கு இதனால் வழி திறக்கிறது. எனினும், வங்கிச் செயலியைக் கைப்பேசியில் பதிவுசெய்யவும் பெரும்பாலும் அதே பதிவேட்டு எண்தான் தேவைப்படுகிறது. எண் தவறாக இருப்பவருக்குப் பழைய வாசல் மூடியிருப்பதைப் போலவே புதிய வாசலும் மூடியிருக்கும்.

எனவே, தொழிலாளர் மிகுந்த பகுதிகளிலுள்ள வங்கிக் கிளைகளுக்கு ஒரு தெளிவான பணி இருக்கிறது. கணக்கு எந்த மாநிலத்தில் தொடங்கப்பட்டிருந்தாலும், அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்து, கைப்பேசி எண்ணை இங்கேயே மாற்றித்தர வேண்டும். 'கணக்குத் தொடங்கிய கிளைக்குச் செல்லுங்கள்' என்ற பதில், ஒடிஸாவுக்குச் செல்லும் பயணச்சீட்டை வாங்க முடியாமல் நிற்பவரிடம் சொல்லப்படும்போது அதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. ஆலை நிர்வாகங்களும் சம்பளக் கணக்கு விவரங்களைப் பெறும்போதே, வங்கியில் பதிவான எண் இன்று பயன்பாட்டிலுள்ள எண்தானா என்று கேட்டுவிடலாம். ஊருக்குக் கிளம்பும் நாளில் ஓடிபி பக்கத்தின் முன் நின்று அதைக் கண்டுபிடிப்பதைவிட, வேலையில் சேரும் நாளில் ஒரு படிவத்தில் கண்டுபிடிப்பது எளிது.